ஒரு மணி டியூபும் ஐந்து மணி டியூபும்

நாய் ரத்தம் எங்கள் லேபுக்கு முதல்முறையாக வந்த அன்றைக்கு, காலையிலேயே கம்ப்யூட்டரோடு தகராறு. பெயர், வயது, ஆணா பெண்ணா, அனுப்பிய டாக்டர் என்று எல்லாக் கட்டத்தையும் நிரப்பாமல் அது அடுத்த பக்கத்துக்கு நகராது. பெயருக்கு முன்னால் திரு, திருமதி, செல்வி, குழந்தை என்பதில் ஒன்றைப் போட்டாக வேண்டும். வயது ஒன்பது என்று அடித்ததும் அதுவே 'குழந்தை' என்று முடிவு செய்துகொண்டது. எடை ஒன்பது கிலோ என்று நான் அடித்ததும், ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒன்பது கிலோவா என்பதுபோல் ஒரு சிவப்புக் குறி காட்டியது. எஸ்கேப் பட்டனைத் தட்டித் தட்டி விரல் நொந்ததுதான் மிச்சம்.

திண்டுக்கல்லில் மணிக்கூண்டுப் பக்கம், ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்த லேப். அப்போது நான் அங்கே சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. ரத்தம் எடுப்பது, பிரிப்பது, மெஷினில் ஓட்டுவது, ரிப்போர்ட்டின் கீழே கையெழுத்துப் போடுவது எல்லாம் நான்தான். முதலாளி என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். மருந்துக் கம்பெனிக்கு ஊர் ஊராய்ப் போய் டாக்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கையில் கொஞ்சம் சேர்ந்ததும் லேபைப் பழைய முதலாளியிடமிருந்து வாங்கிவிட்டார். என்னை 'அக்கா' என்பார். அந்த அக்காவில் மரியாதை பாதிதான். மீதிப் பாதி, நான் சொல்வதை இடையில் வெட்டுவதற்கு.

பழனி ரோட்டில் நாய், பூனைகளுக்குத் தனியாக கிளினிக் வைத்திருந்த கால்நடை டாக்டர் முந்தின நாளே போன் செய்திருந்தார். அவருக்கு நாற்பது வயது இருக்கும். அவசர அவசரமாகப் பேசுவார்.

"மூணு சாம்பிள் வரும்மா. காலைல ஒம்பது மணிக்கு ஒண்ணு, மத்தியானம் ஒரு மணிக்கு ஒண்ணு, சாயந்தரம் அஞ்சு மணிக்கு ஒண்ணு. மூணுலயும் கார்ட்டிசால் மட்டும் பாத்தாப் போதும். தனித்தனியா பாக்கணும். எந்த மணிக்கு எது எடுத்ததுன்னு மாறிறக் கூடாது."

"மாறாது சார்," என்றேன். பதினெட்டு வருஷ வேலைக்காரியிடம் இதைச் சொல்கிறாரே என்று எனக்குக் கடுப்பு.

"மனுஷங்களுக்குப் பாக்குற கிட்தானே? பரவாயில்லை. கார்ட்டிசால்ங்கிற ஹார்மோன் மனுஷனுக்கும் நாய்க்கும் ஒரே சரக்குதான். ஆனா உங்க ரிப்போர்ட்ல நார்மல்னு ஒரு கணக்கு அச்சாகுமே, அது நாய்க்குப் பொருந்தாது. அதைப் பாத்து யாரும் எதுவும் முடிவு பண்ண வேண்டாம். எண்ணை மட்டும் குடுங்க."

இதை நான் முதலாளியிடம் அப்படியே சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "ஒரு டெஸ்ட்டுக்கு எதுக்கு மூணு டியூப்? மூணையும் கலந்து ஒண்ணா ஓட்டிட்டா சராசரி வந்துருமே அக்கா?"

ஒன்பது மணி டியூபை டாக்டரே கொண்டுவந்து கொடுத்தார். நாய்க்குச் சொந்தக்காரி அவரோடு மாடி ஏறி வந்திருந்தாள். ரெட்டியார்சத்திரம் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் அம்மாள், ஐம்பதைத் தாண்டியவள். கிளினிக்கில் விட்டுவந்த நாய் ஒரு வெள்ளைப் பொமரேனியன். மகள் வளர்த்தது, கல்யாணமாகி திருப்பூர் போகும்போது விட்டுவிட்டுப் போய்விட்டாளாம்.

"பானை பானையாத் தண்ணி குடிக்கிது தங்கச்சி. குடிச்ச கையோட வாசல் பூரா ஈரம். வயித்தைப் பாத்தா சினை நாய் கணக்கா இருக்கு; ஆனா இது கடுவன். முதுகு மசுரெல்லாம் உதுந்து போச்சு. தோட்டத்துப் பக்கம் வாரவகெல்லாம் நாய்க்கு என்ன சீக்கு, என்ன சீக்குன்னு கேக்குறாக."

டாக்டர் முகத்தில் அலுப்பு. "ரெண்டு மாசமா நானும் இதுக்காகத்தாம்மா காத்திருக்கேன். அரிப்புக்குன்னு மெடிக்கல் ஷாப்ல சின்ன வெள்ளை மாத்திரை வாங்கிக் குடுத்திருக்காங்க. அது ஸ்டீராய்டு. அதைக் குடுத்தே இந்த மாதிரி வயிறு வரும், மயிர் கொட்டும். அது உடம்புல இருக்குறப்ப இந்த டெஸ்ட்டை எடுத்தா ஒண்ணும் வெளங்காது. கொஞ்சம் கொஞ்சமாக் கொறச்சு, நிப்பாட்டி, அப்புறமும் வயிறு வத்தலை. உடம்பே கார்ட்டிசாலை அளவுக்கு மேல சுரக்குற சீக்கான்னு பாக்கணும். அதான் இன்னைக்கு."

ஒரு மணி டியூப் வந்தபோது நான் சாப்பிடப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் ரேக்கில் இருந்தது. முதலாளி வாங்கி வைத்திருந்தார். ஐஸ் பையில் வந்ததால் டியூபில் ஒட்டியிருந்த பிளாஸ்திரி நனைந்து, பேனா மை கலைந்து நீலத் திட்டாகப் போயிருந்தது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. உடனே அதன் மேல் எங்கள் நம்பரை மார்க்கரால் எழுதி, நோட்டில் 'மதியம் 1.00' என்று பதிந்து, மெஷினில் சுற்றிப் பிரித்து, ரத்தத்தின் மேலே தெளிந்த நீரை ஃப்ரீசரில் வைத்தேன். அந்த நேரத்தில் ரேக்கில் வேறு நாய் ரத்தம் கிடையாது. காலை டியூபை அப்போதே பிரித்து உறைய வைத்திருந்தேன். மாலை டியூப் இன்னும் நாயின் உடம்பிலேயே இருந்தது. பிறகு மாலை டியூபை என் கையாலேயே வாங்கினேன். ஆகவே மாற வழியே இல்லை. இந்தக் கணக்கை அப்புறம் நான் எத்தனை தடவை மனதுக்குள் போட்டுப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

கார்ட்டிசால் கிட்டை வாரத்துக்கு ஒருநாள், சனிக்கிழமை, சேர்த்து வைத்து ஓட்டுவோம். ஒவ்வொரு சாம்பிளையும் கிட் தட்டில் இரண்டிரண்டு குழியில் வைத்தேன். காலை 6.2. மதியம் 1.0. மாலை 4.1. இரண்டு குழிகளும் ஒத்துப்போயின.

முதலாளி தாளை வாங்கிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"அக்கா, காலைல டாக்டர் ரத்தம் எடுத்ததும் ஒரு ஊசி போட்டுருக்கார்ல?"

"ஆமா சார். டெக்சாமெத்தசோன். ரொம்பக் கொஞ்சமாம்."

"அது கார்ட்டிசாலைக் கொறைக்கும்."

"ஆமா."

"அப்ப படிப்படியாத்தானே கொறையணும்? ஆறு, நாலு, ஒண்ணு. அதென்ன ஆறுலருந்து ஒண்ணுக்கு விழுந்து, திரும்ப நாலுக்கு ஏறும்? நடுவுல யாரு ஏத்துறது? ஒரு மணி டியூபையும் அஞ்சு மணி டியூபையும் மாத்திட்டீங்க."

"மாத்தலை சார்." ரேக்கில் ஒரு டியூப்தான் இருந்தது என்பதையும், மாலை டியூபை நானே வாங்கியதையும் சொன்னேன். நோட்டைக் காட்டினேன். அவர் நோட்டைப் பார்க்காமல் டியூபைப் பார்த்தார். அதில் எங்கள் நம்பருக்குப் பக்கத்தில், நேரம் எழுதியிருந்த இடத்தில் நீலத் திட்டு.

"இதுல எத்தனை மணிக்கு எடுத்ததுன்னு படிக்க முடியுதா? நீங்களே சொல்லுங்க. பத்து வருஷம் டாக்டர்மாருகிட்ட மருந்தைப் பத்திப் பேசினவன் நான். மருந்து உள்ள போனா அளவு எறங்கும். இதுக்கு மேல இதுல ஒரு சயின்ஸும் இல்லை."

அவரே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். அவரே அடித்தார். காலை 6.2, மதியம் 4.1, மாலை 1.0. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பேனாவை என் பக்கம் நீட்டினார்.

வெளியே இருபது பேர் சர்க்கரை டெஸ்ட்டுக்கு வெறும் வயிற்றோடு காத்திருந்தார்கள். ஒரு குழந்தை கத்திக்கொண்டிருந்தது. ஒரு நாய் விஷயத்துக்காக இந்த ஆளோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுவது என்று தோன்றியது. நாய்க்கு எது சரி என்று எனக்கும் தெரியாதே. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஒன்பது நாள் கழித்து மல்லிகைத் தோட்டத்து அம்மாள் லேபுக்கு வந்தாள். வாழையிலையில் சுருட்டிய ஒரு பந்து பூ. ஈரம் சொட்டியது.

"உனக்குத்தான் தங்கச்சி. நல்ல சேதி வந்துச்சுல்ல. அந்தச் சீக்கு இல்லைன்னு டாக்டரய்யா சொல்லிட்டாக."

"இப்ப எப்படிம்மா இருக்கு நாய்?"

"அப்படியேதான் இருக்கு. நேத்து துணி அலசி வச்ச வாளித் தண்ணியக் குடிச்சுப் போட்டுச்சு. சோப்புத் தண்ணி! செத்த நேரம் நடந்தா மேமூச்சு கீமூச்சு வாங்குது. ஈரலா இருக்குமோன்னு இன்னொரு மருந்து எழுதியிருக்காக. அதான் அந்தப் பெரிய சீக்கு இல்லையே, போதும்."

பூவை வாங்கிக்கொண்டேன். தலையில் வைக்க மனம் வரவில்லை. ரத்தம் வைக்கும் ஃப்ரிட்ஜின் மேல் வைத்துவிட்டு, நாள் பூராவும் அதன் வாசனையோடு வேலை செய்தேன். அந்த அம்மாள் மேல்கூட எனக்குக் கோபம் வந்தது. யார் பூ கேட்டது? சாயங்காலம் முதலாளி கிளம்பியதும் டாக்டருக்குப் போன் போட்டேன்.

முதலாளி எண்களை இடம் மாற்றி அடித்ததைச் சொன்னேன். "நெஜமா மதியம் ஒண்ணு, சாயந்தரம் நாலா?" என்று மட்டும் அவர் கேட்டார்.

"ஆமா சார். ஒண்ணு புள்ளி பூஜ்யம், நாலு புள்ளி ஒண்ணு."

"நான் உங்ககிட்ட ஒரே ஒரு விஷயம்தாம்மா சொன்னேன். ஒண்ணே ஒண்ணு. மாறக் கூடாதுன்னு."

"மாறலை சார். மாத்தி அடிச்சுட்டாங்க."

"அதுக்குக் கீழ கையெழுத்து யாரோடது?"

எதிர்முனையில் ஒரு நாய் விடாமல் குரைத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து ஒரு அதட்டு போட்டார். அந்த அதட்டில் பாதி எனக்கு.

"ஒம்பது நாளா என்னையே நான் திட்டிக்கிட்டிருக்கேன், தெரியுமா? நாயைப் பாத்தா நூத்துக்கு நூறு அந்தச் சீக்கு. தாள் இல்லைங்குது. நாமதான் படிச்சதை மறந்துட்டோமோன்னு ஈரலுக்கு மருந்து குடுத்துட்டு உக்காந்திருக்கேன்." மூச்சு விட்டுக்கொண்டார். "இப்ப நீங்க சொல்றதை நம்புறதா, அவரு அடிச்சதை நம்புறதா? ரெண்டையும் நம்ப மாட்டேன். ஞாயித்துக்கிழமை மறுபடி எடுக்கப்போறேன். உங்களுக்கு லீவுதானே? வந்து உக்காருங்க. மூணு டியூபையும் நீங்களே வாங்கி, நீங்களே எழுதி, நீங்களே கொண்டுபோங்க."

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் துவைக்கப் போட்ட துணியை அப்படியே விட்டுவிட்டுப் போனேன். தெர்மாகோல் பெட்டி, ஐஸ், மார்க்கர் எல்லாம் நானே எடுத்துக்கொண்டேன். பெயர் ஒட்டும் தாளின் மேல் செல்லோடேப் சுற்றி, தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

கிளினிக்கில் முன்னறை முழுக்க நாய்ச் சத்தம். பதறினாலும் மிரண்டாலும் கார்ட்டிசால் தானாக ஏறிவிடும் என்று, மருந்துப் பெட்டிகள் அடுக்கிய பின்னறையில் எங்களை உட்கார வைத்தார் டாக்டர். அன்றைக்குத்தான் நாயை முதன்முதலில் பார்த்தேன். தரையில் நான்கு பக்கமும் பரந்த வயிறு. முதுகில் மயிர் போன இடத்தில் தோல் காகிதம்போல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்தது. தலை மட்டும் பொம்மைபோல வெள்ளைவெளேர் என்று இருந்தது. என் செருப்பை முகர்ந்துவிட்டு அதன் மேலேயே தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

ஒன்பது மணிக்கு முதல் ரத்தம். பிறகு ஊசி மருந்து. டெக்சாமெத்தசோன் குப்பியில் ஒரு மில்லியில் நாலு மில்லிகிராம் இருக்கும். இந்த டெஸ்ட்டுக்கு, கிலோவுக்கு ஒரு மில்லிகிராமில் நூற்றில் ஒரு பங்குதான் வேண்டும். ஒன்பது கிலோ நாய்க்கு அதை அப்படியே எடுத்தால் ஒரு சொட்டுகூடத் தேறாது. எந்த ஊசியாலும் அளக்க முடியாது. ஆகவே டாக்டர் ஒரு மில்லி மருந்தோடு முப்பத்தொன்பது மில்லி சலைன் சேர்த்துக் கலக்கினார். அப்போது ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்கு மில்லிகிராம். அதில் முக்கால் மில்லிக்குச் சற்று மேலே, சரியாக 0.9, நரம்பில் போட்டார். கலக்கிய மீதியைக் கீழே கொட்டினார்.

"சாயந்தரம் வரைக்கும் சோறு கெடையாது. தண்ணி மட்டும்," என்று அந்த அம்மாளிடம் மூன்று தடவை சொன்னார்.

பன்னிரண்டே முக்காலுக்கு அந்த அம்மாள் தூக்குவாளியைத் திறந்தாள். நெய் ஊற்றிப் பிசைந்த பருப்புச் சோறு. நாய் செருப்பிலிருந்து தலையைத் தூக்கியது.

"அம்மா!" என்று நான் கத்திய சத்தத்தில் முன்னறை நாய்களெல்லாம் குரைக்கத் தொடங்கின. டாக்டர் ஓடி வந்தார்.

"ஒரு வாய்தான் டாக்டரய்யா. பய காலைலருந்து பட்டினி."

"நெய்ச்சோறு தின்னா ரத்தத்துல கொழுப்பு மெதந்து அந்தம்மா மெஷின்ல எண்ணே தப்பா வரும். அப்புறம் மூணாவது தடவை வரீங்களா? நான் வரலை." தூக்குவாளியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "இம்புட்டுக் கோவம் ஆகாது," என்றாள். எனக்கு அவரைவிடக் கோபம்.

ஒரு மணி ரத்தத்தை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, ஐந்து மணி வரை உட்கார வேண்டியிருந்தது. டாக்டர் இடையில் தேநீரோடு வந்தார். என் முதலாளியின் கேள்வியையே நான் கேட்டேன்: நடுவில் யார் ஏற்றுவது?

"நல்ல கேள்விதான். அவர் கேட்டது தப்பில்லை. பதில் தெரியாம அடிச்சதுதான் தப்பு." ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தார். "மூளைக்கு அடியில பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி. சிறுநீரகத்துக்குப் பக்கத்துல ஒண்ணொண்ணுக்கு ஒரு அட்ரினல். பிட்யூட்டரி ஆர்டர் போட்டா அட்ரினல் கார்ட்டிசால் சுரக்கும். ரத்தத்துல கார்ட்டிசால் நெறைஞ்சா, போதும்னு பிட்யூட்டரி ஆர்டரை நிப்பாட்டும். நான் போட்ட ஊசியும் கார்ட்டிசால் ஜாதிதான். உங்க கிட் அதைக் கார்ட்டிசால்னு எண்ணாது. ஆனா பிட்யூட்டரி ஏமாந்துரும். நல்ல நாய்க்கு ஆர்டர் நின்னு, நாலு மணி நேரத்துலயும் எறங்கி, எட்டு மணி நேரத்துலயும் எறங்கியே கெடக்கும். ஒண்ணு புள்ளி நாலுக்குக் கீழ."

"அப்ப எட்டு மணி நேரத்துல எறங்கலைன்னா?"

"சீக்கு இருக்குன்னு அர்த்தம். அதுக்குத்தான் அஞ்சு மணி டியூப். எந்த வகைச் சீக்குன்னு பாக்கத்தான் ஒரு மணி டியூப். பிட்யூட்டரில ஒரு சின்னக் கட்டி வந்து அது விடாம ஆர்டர் போட்டா ஒரு வகை. அந்தக் கட்டி முழுச் செவிடு இல்லை, அரைச் செவிடு. ஊசி போட்டதும் கொஞ்ச நேரம் அடங்கும். அப்புறம் மருந்து கொறையக் கொறைய மறுபடி ஆர்டர் போட ஆரம்பிச்சுரும். மதியம் விழுந்து சாயந்தரம் ஏறும்."

"அட்ரினல்லயே கட்டி வந்தா?"

"அது யாரு ஆர்டரையும் கேக்காது. தானே சுரக்கும். அங்க பிட்யூட்டரி ஏற்கெனவே வாயடைச்சுத்தான் உக்காந்திருக்கும். அதை நான் என்னத்த நிப்பாட்ட? மூணு டியூபும் ஒசரத்துலயே இருக்கும். ஆனா ஒரு சிக்கல். பிட்யூட்டரி வகையிலயும் சில நாய்க்குக் கொஞ்சங்கூட அடங்காது. அதனால விழுந்தா பிட்யூட்டரின்னு சொல்லலாம். விழலைன்னா ரெண்டுல எதுன்னும் இந்த டெஸ்ட் சொல்லாது. ஸ்கேன்தான் பாக்கணும்."

நான் தேநீரைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தேன். முதலாளி மாற்றி அடித்ததில் என்ன ஆயிற்று என்பது அப்போதுதான் முழுசாக உறைத்தது. வகை தெரியாமல் போனது மட்டுமில்லை. மாலை எண் ஒன்று என்று போனதால் சீக்கே இல்லை என்று ஆகியிருந்தது. இரண்டு எண்களை இடம் மாற்றியதில் ஒரு நோயே காணாமல் போய்விட்டது.

ஐந்து மணி ரத்தம் எடுக்கும்போது நாய்க்குப் பொறுமை போய்விட்டது. ஒரு காலில் நரம்பு கிடைக்காமல் மறு காலில் எடுத்தார் டாக்டர். முடிந்ததும் அந்த அம்மாள் தூக்குவாளியைத் திரும்ப வாங்கி, அங்கேயே தரையில் உட்கார்ந்து ஊட்டினாள்.

சனிக்கிழமை ஓட்டினேன். காலை 5.8. மதியம் 0.9. மாலை 3.7. தாளை முதலாளியின் மேசையில் வைத்தேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது. இப்போது என்ன சொல்கிறாய் என்று கேட்க நாக்கு துடித்தது.

அவர் பார்த்தார். பழைய தாளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அப்ப ரெண்டு தடவையும் மாத்திட்டீங்களா அக்கா?"

பதினெட்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் நான் அந்த லேபில் குரலை உயர்த்தினேன். டியூப்களை நாயிடமிருந்து என் கையால் வாங்கியதைச் சொன்னேன். செல்லோடேப் சுற்றியதைச் சொன்னேன். பிட்யூட்டரி, அரைச் செவிடு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பழைய ரிப்போர்ட் தப்பு என்று எழுதி, சரியான எண்களோடு புதிதாக ஒன்று போனால்தான் இனி எந்த ரிப்போர்ட்டிலும் கையெழுத்துப் போடுவேன், இல்லாவிட்டால் இப்போதே வீட்டுக்குப் போகிறேன் என்றேன். காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முதலாளிக்கு முகம் கறுத்தது. "ஒரு நாய்க்கு இம்புட்டா?" என்றார். ஆனாலும் உட்கார்ந்து அடித்தார். கையெழுத்துப் போட்டு, நானே பழனி ரோட்டுக்கு பஸ் ஏறிப் போய்க் கொடுத்தேன்.

டாக்டர் இரண்டு எண்களின் கீழும் கோடு போட்டார். "மாலை மூணு புள்ளி ஏழு, ஒண்ணு புள்ளி நாலுக்கு மேல. சீக்கு உறுதி. ஆனா அது காலை எண்ணுல பாதிக்கு மேலயே இருக்கு பாருங்க. பாதிக்குக் கீழ எறங்கியிருந்தா அதுவே பிட்யூட்டரின்னு சொல்லிரும்; இதை வச்சு வகை சொல்ல முடியாது. மதிய டியூப்தான் சொல்லுது. பிட்யூட்டரி." வயிற்றை ஸ்கேனும் எடுத்துப் பார்த்தார். அட்ரினல் இரண்டுமே கொஞ்சம் தடித்திருந்ததாம். ஒரு பக்கம் மட்டும் கட்டி என்று எதுவும் இல்லை. எண்களோடு ஒத்துப்போயிற்று.

அந்த அம்மாளுக்கு விளக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. "மொதல்ல இல்லைன்னீக. இப்ப இருக்குங்குறீக. மண்டைல கட்டிங்குறீக. வயித்துலதானே வீக்கம்?" என்று லேபுக்கே வந்து என்னைக் கேட்டாள். திருப்பூர் மகள் போனில், சென்னைக்குக் கொண்டுபோய் வயிற்றைக் கிழித்துக் கட்டியை எடுத்துவிடலாம் என்று யாரோ சொன்னதாகச் சொல்லியிருக்கிறாள். வயிற்றில் எடுப்பதற்கு எதுவும் இல்லை, மாத்திரைதான் என்று டாக்டர் சொன்னதை அந்த அம்மாள் நம்பவில்லை. நான்தான் உட்கார வைத்துச் சொன்னேன். தப்பு எங்கள் லேபில் நடந்தது, டாக்டர் மேல் இல்லை, அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டது நான் என்றும் சொன்னேன்.

"பூவைக் குடுத்துட்டுல்ல போனேன் உன்கிட்ட," என்றாள். அதற்குப் பிறகு என்னைத் தங்கச்சி என்று அவள் கூப்பிடவும் இல்லை.

இந்தச் சீக்குக்கென்றே இருந்த மருந்து அப்போது திண்டுக்கல் கடைகளில் கிடைக்கவில்லை. மனிதர்களுக்குப் பூஞ்சை நோய்க்குக் கொடுக்கும் ஒரு மாத்திரை கார்ட்டிசால் சுரப்பதையும் குறைக்கும் என்று, ஈரலைச் சோதித்துக்கொண்டே டாக்டர் அதைக் கொடுத்தார். தண்ணீர் குடிப்பது பாதியானது. முதுகில் பஞ்சுபோல மயிர் முளைத்தது. வயிறு முழுசாக வற்றவில்லை. ஒன்றரை வருஷம் இருந்தது அந்த நாய். ஈரல் சோதனைக்கு ரத்தம் எங்களிடம்தான் வந்துகொண்டிருந்தது. கம்ப்யூட்டர் கடைசிவரை அதைக் 'குழந்தை' என்றே அச்சடித்தது.

அந்த ஒன்றரை வருஷத்துக்கு நடுவில் தாடிக்கொம்பிலிருந்து இன்னொரு நாய், குட்டைக்கால் டாஷண்ட் ஒன்று. அதே மூன்று டியூப். 7.8, 7.1, 7.5. முதலாளி தாளை எடுத்துக்கொண்டு என் மேசைக்கே வந்துவிட்டார்.

"அக்கா, இதுல மதியம் விழவே இல்லையே. விழுந்து ஏறணும்னு நீங்கதானே அன்னைக்குச் சொன்னீங்க? சாம்பிள் ஏதோ தப்பு. காலை டியூபையே மூணு தடவை ஓட்டிட்டீங்களா?"

நான் நிமிர்ந்து பார்க்காமல், "அது வேற வகையா இருக்கலாம் சார். அப்படியே அனுப்புங்க," என்றேன்.

"எந்த வகைன்னு இந்த டெஸ்ட் சொல்லுது?"

"சொல்லலை."

"சொல்லாத டெஸ்ட் எதுக்கு அக்கா?"

தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டு, எண்களை நானே போனில் டாக்டருக்கு வாசித்தேன். மறுநாள் ஸ்கேனில் இடது அட்ரினலில் எலுமிச்சங்காய் அளவு கட்டி என்று சொன்னார். தாடிக்கொம்புக்காரர்கள் ஆபரேஷனுக்குச் சம்மதிப்பார்களா என்று தெரியவில்லை, வீட்டில் பேசிவிட்டு வருகிறோம் என்று போயிருக்கிறார்கள், காத்திருக்கிறேன் என்றார். அவர் குரலில் இருந்த அதே சலிப்போடுதான் நானும் போனை வைத்தேன். மேசையில் அடுத்த டியூப் காத்திருந்தது. யாருடையதோ, வெறும் வயிற்றுச் சர்க்கரை.